பல மாடிக் கட்டடத்துக்குக் குரல் எச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பது எப்படி: ஸ்பீக்கர் இடைவெளி முதல் பேச்சுத் தெளிவு வரை

ஒரு பெரிய கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தால், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதுதான். என்ன நடந்தது, எந்தப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும் என்று மணியால் சொல்ல முடியாது; அந்த வேலையைச் செய்வதற்காகவே குரல் எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. எனவே இதை வடிவமைப்பவர் "சத்தம் எட்டுகிறதா?" என்பதோடு நின்றுவிடாமல், "சொன்னது புரிகிறதா?" என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் வாட் கணக்கால் தீர்ந்துவிடும். இரண்டாவது ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, கேட்பவருக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், இடையில் எந்தப் பரப்புகள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன என்பவற்றால் தீர்மானிக்கப்படுகிறது. அனுபவமில்லாதவர்கள் ஆம்ப்ளிஃபயரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற ஸ்பீக்கர்களைத் தேடுவதுண்டு. சரியான வரிசை அதற்கு நேர் எதிரானது.

விளக்கத்துக்காக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை தியாகராய நகர் போன்ற கடைவீதியில், தரைத்தளமும் அதன்மேல் 5 மாடிகளும் கொண்ட ஒரு ஜவுளிக்கடை. ஒவ்வொரு தளமும் 36 மீட்டருக்கு 30 மீட்டர். பொய்க்கூரையின் உயரம் 3.2 மீட்டர். நடுவில் 12 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் மேற்கூரை வரை திறந்த ஒரு முற்றம். முதல் மாடியிலிருந்து அதைச் சுற்றிலும் கண்ணாடி அடைத்திருக்கிறார்கள். மொத்த உயரம் 24 மீட்டர். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றை உயரக் கட்டடம் என்று வகைப்படுத்துவதால், இந்தக் கடையும் அதற்குள் வந்துவிடுகிறது. கீழே வரும் எண்கள் இந்தக் கடைக்கானவை. முறை எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தும்.

## முதலில் இரைச்சலை அளந்துகொள்ளுங்கள்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் ஒலிமட்ட அளவியோடு கடைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனால் பயனில்லை. ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையிலோ போக வேண்டும். காலையில் 60 டெசிபல் காட்டும் அதே தளம் அந்த மாலையில் 75 டெசிபல் காட்டினால் வியக்க வேண்டாம். கணநேர உச்சத்தைப் பார்க்காமல், சில நிமிடங்களுக்கான சராசரியை, மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஒத்த ஏ-எடையில் எடுங்கள். கைபேசிச் செயலிகள் ஓர் ஏகதேச மதிப்பைத்தான் தரும். அவற்றை நம்பி ஒப்பந்த ஆவணத்தில் எண்ணை எழுதக் கூடாது.

அன்றாட இரைச்சலும் தீயின்போது இருக்கும் இரைச்சலும் வேறு என்பது பலர் மறந்துவிடும் ஒன்று. தீ எச்சரிக்கை வந்ததும் புகை வெளியேற்றும் மின்விசிறிகளும், படிக்கட்டுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் மின்விசிறிகளும் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். மக்கள் இறங்கிவரும் படிக்கட்டிலேயே இரைச்சல் மிகுந்துவிடும். அந்த மின்விசிறிகளை ஓடவிட்டு அளந்த மதிப்பையே படிக்கட்டுக்கான கணக்கில் பயன்படுத்த வேண்டும். தனித்தனி ஹூட்டர்களும் இருந்தால், குரல் அறிவிப்பு ஒலிக்கும் நேரத்தில் அவை தாமாக அடங்கும்படி இணைப்பு இருக்க வேண்டும்.

தீ எச்சரிக்கைக்கான தரநிலைகளான ஐஎஸ்ஓ 7240 வரிசையிலும் பிரித்தானியாவின் பிஎஸ் 5839 எட்டாம் பகுதியிலும் உள்ள அணுகுமுறையைச் சுருக்கமாகச் சொன்னால், எச்சரிக்கை ஒலி குறைந்தது 65 டெசிபலாகவும், பின்னணி இரைச்சலைவிடச் சுமார் 10 டெசிபல் கூடுதலாகவும் கேட்பவர் காதில் விழ வேண்டும். நம் கடைக்கு 75 உடன் 10 சேர்த்து 85 டெசிபல் இலக்காகிறது. இதை 95 ஆக உயர்த்திவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே போன பிறகு, கூடுதல் சத்தம் தெளிவுக்கு எதையும் சேர்ப்பதில்லை. 80 டெசிபலைத் தாண்டிய பேச்சில், உரத்த ஒலிக்கூறுகள் மெல்லியவற்றை மறைக்கத் தொடங்குவதால் தெளிவு சற்றுக் குறையவும் செய்யும்.

## ஸ்பீக்கர்களுக்கு இடையே எவ்வளவு தூரம்

கூரையில் பதித்த ஸ்பீக்கர் ஒலியைக் கீழ்நோக்கி ஒரு கூம்பாக விரிக்கிறது. அந்தக் கூம்பு கேட்பவரின் காது மட்டத்தை வெட்டும் இடத்தில் உருவாகும் வட்டம்தான் ஒரு ஸ்பீக்கர் காக்கும் பரப்பு. நின்றுகொண்டு துணி பார்ப்பவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டரில் இருக்கும். பட்டுப் பிரிவில் மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்ப்பவருக்கு அது இன்னும் கீழே இருக்கும். அவருக்கு வட்டம் பெரிதாகிவிடுவதால், நிற்பவரை வைத்துக் கணக்கிட்டால் அவருக்கும் போதும்.

```
D = 2 × (H − h) × tan(θ / 2)
H = கூரை உயரம், h = காது உயரம், θ = பரவல் கோணம்
```

இங்கே H − h என்பது 1.7 மீட்டர். இனி வரும் கோணத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஸ்பீக்கர் விவரத்தாளில் பெரிய எழுத்தில் 180 பாகை என்று இருக்கும். அது 1 கிலோஹெர்ட்ஸுக்கான கோணம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பேச்சில் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ட, ப போன்ற ஒலிகளின் கூர்மை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் நிறைந்திருக்கிறது. அதனால் 4 கிலோஹெர்ட்ஸில், ஒலிமட்டம் 6 டெசிபல் குறையும் கோணத்தையே எடுக்க வேண்டும். அந்த அலைவெண்ணில் சாதாரண 6 அங்குலக் கூரை ஸ்பீக்கருக்கு இது 90 பாகையாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அகலப் பரவலுக்கென்றே செய்யப்பட்டவற்றில் 120 பாகை கிடைக்கும்.

90 பாகையை எடுத்தால் வட்டத்தின் விட்டம் 3.4 மீட்டர். வட்டங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் நான்கு வட்டங்களுக்கு நடுவே ஒலி மங்கும் திட்டு ஒன்று மிஞ்சும். அந்தத் திட்டு இல்லாமல் சதுர வரிசையில் அமைக்க, விட்டத்தை 0.7 ஆல் பெருக்கி வரும் 2.4 மீட்டர்தான் இடைவெளியாக வேண்டும். முற்றத்தைக் கழித்தால் ஒரு தளத்தில் 960 சதுர மீட்டர் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 167 ஸ்பீக்கர்கள் தேவைப்படும். எந்தக் கடை உரிமையாளரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

120 பாகை ஸ்பீக்கரை எடுத்தால் விட்டம் 5.9 மீட்டர், இடைவெளி 4.2 மீட்டர். ஒரு ஸ்பீக்கர் 17.6 சதுர மீட்டரைக் காக்கும். மூலைகளையும் உடை போட்டுப் பார்க்கும் அறைகளையும் சேர்த்து 56 போதும். இந்த ஸ்பீக்கரின் விலை கூடுதல்தான். ஆனால் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், கேபிளும் கூலியும் சேர்த்துப் பார்க்கும்போது இதுவே மலிவாக முடியும். தாழ்ந்த கூரையுள்ள கட்டடங்களில் பணத்தைக் கோணத்தில் போடுங்கள், வாட்டில் போடாதீர்கள் என்பது என் கருத்து.

இந்த 4.2 மீட்டர் கட்டம் வரைபடத்தில் அழகாக விழும், கூரையில் விழாது. ஏசி வாய்கள், விளக்குகள், ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாம் அதே இடத்தைக் கேட்கும். அரை மீட்டர் நகர்த்துவதால் பெரிய கெடுதல் இல்லை. உள்ளலங்காரம் செய்பவர் ஒரு வரிசையையே எடுத்துவிட்டு மற்றதைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டி வைத்த ஸ்பீக்கரின் கீழே நிற்பவருக்குக் காது வலிக்கும். எடுத்துவிட்ட வரிசையில் நிற்பவருக்கோ ஒலி வரும், சொல் வராது.

## ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்

இடைவெளி முடிவானால் வாட் தானாக வந்துவிடும். ஸ்பீக்கரின் விவரத்தாளில் 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த ஒலிமட்டம் இருக்கும். நம்முடையது 89 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போது நேரொலி 6 டெசிபல் குறையும். வாட் இரட்டிக்கும்போது 3 டெசிபல் கூடும்.

```
Lp = S + 10 log P − 20 log r
Lp = கேட்பவர் காதில் ஒலிமட்டம், S = விவரத்தாள் ஒலிமட்டம், P = வாட், r = தூரம்
```

மிக மோசமான இடத்தில் ஒருவரை நிறுத்திக் கணக்கிட வேண்டும். அந்த இடம் நான்கு ஸ்பீக்கர்களுக்கும் சரிநடுவே இருக்கும் புள்ளி. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சாய்வுத் தூரம் 3.4 மீட்டர், அதனால் இழப்பு 10.7 டெசிபல். கூம்பின் ஓரம் என்பதால் இன்னொரு 6 டெசிபல் போகும். நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் சேர்வதால் 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக, 1 வாட்டுக்கு 78.3 டெசிபல். இலக்கான 85 ஐ எட்ட 6.7 டெசிபல் வேண்டும்; அதற்கு 4.7 வாட் தேவை. ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மரில் 6, 3, 1.5 வாட் என்று இணைப்பு முனைகள் இருக்கும்; 6 வாட் முனையைத் தேர்ந்தெடுக்கிறோம். நடுப்புள்ளியில் 86, ஸ்பீக்கருக்கு நேர்கீழே 92 டெசிபல் கிடைக்கும். இந்த 6 டெசிபல் வேறுபாட்டுக்குள் தளம் முழுவதும் அடங்கினால் வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது.

எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே கம்பியில் தொங்கவிடக் கூடாது. சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாக ஏ, பி என இரண்டு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆம்ப்ளிஃபயரில் இணைக்க வேண்டும். கேபிள்களும் வெவ்வேறு பாதையில் ஏற வேண்டும். ஒரு சுற்று எரிந்து போனால் நடுப்புள்ளியில் 3 டெசிபல்தான் குறையும். செயலிழந்த ஸ்பீக்கரின் நேர்கீழே நிற்பவருக்குச் சுற்றியுள்ள நான்கிலிருந்து ஏறக்குறைய 82 டெசிபல் வரும். இலக்கைவிடக் குறைவுதான், ஆனாலும் இரைச்சலுக்கு மேலே இருக்கிறது, அறிவிப்பு புரியும்.

## ஆம்ப்ளிஃபயரும் கம்பியும்

வீட்டு ஸ்பீக்கரைப் போல 8 ஓம் இணைப்பில் 56 ஸ்பீக்கர்களை ஓட்ட முடியாது. குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் போவதால் கம்பியிலேயே பாதித் திறன் வெப்பமாகிவிடும். அதனால்தான் பெரிய கட்டடங்களில் 100 வோல்ட் லைன் முறை வழக்கத்தில் இருக்கிறது: ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட்டில் அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் தனக்கு வேண்டிய வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதனால் கணக்கு வெறும் கூட்டலாகிவிடுகிறது.

ஒரு சுற்றில் 28 ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் 6 வாட். மொத்தம் 168 வாட். இதற்கு 25 விழுக்காடு மிச்சம் வைத்தால் 210 வாட். எனவே 250 வாட் ஆம்ப்ளிஃபயர் பொருந்தும். பின்னாளில் ஒரு புதிய கவுண்ட்டர் வந்தால் நான்கைந்து ஸ்பீக்கர்களைச் சேர்க்கவும் இடம் இருக்கும். ஆறு தளங்களுக்கு 12 ஆம்ப்ளிஃபயர்கள். அவற்றோடு, எது பழுதானாலும் அதன் இடத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் மாற்று ஆம்ப்ளிஃபயர் ஒன்று. படிக்கட்டுகளும் முற்றமும் தனி மண்டலங்கள் என்பதால் அவற்றுக்குத் தனிக் கணக்கு.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து 120 மீட்டர் தள்ளி ஐந்தாம் மாடி இருக்கிறது என்று கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து 120 மீட்டருக்கு 2.9 ஓம் வரும். 168 வாட் சுமை 100 வோல்ட்டில் 1.68 ஆம்பியர் எடுப்பதால், முழுச் சுமையும் கடைசியில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் இழப்பு 5 வோல்ட்டுக்குள்தான். ஒலியில் அரை டெசிபல்கூட இல்லை. இழப்பு 10 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் போகலாம். கம்பியின் தடிமனைவிட அதன் வகை முக்கியம்: தீயிலும் குறிப்பிட்ட நேரம் இணைப்பு அறாமல் தாங்கும் தீத்தாங்கு கேபிளாக இருக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் உலோகத்தில் இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் கிளிப் உருகினால் எவ்வளவு நல்ல கேபிளும் தொங்கி விழுந்து, தீயணைப்பு வீரர்களின் காலில் சிக்கும்.

மின்வெட்டு வந்தாலும் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பின் அரை மணி நேரம் அறிவிப்பு செய்யும் அளவுக்குப் பேட்டரி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று இதைக் குறைக்கப் பார்ப்பார்கள். தீ விபத்தில் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும்போது அதுவும் சேர்ந்து நிற்கக்கூடும். இந்தக் கணக்கில் அரை மணி நேர அறிவிப்பைவிட 24 மணி நேரக் காத்திருப்புதான் பேட்டரியைப் பெரிதாக்குகிறது. 24 வோல்ட்டில் காத்திருப்பு மின்னோட்டம் 4 ஆம்பியர், அறிவிப்பின்போது 60 ஆம்பியர் என்று கொண்டால்:

```
1.25 × (4 × 24 + 60 × 0.5) = 157.5 Ah
```

அதே அமைப்பு சும்மா இருக்கும்போதே 12 ஆம்பியர் இழுக்குமானால் இந்த எண் 397.5 ஆகிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் வாட்டைக் கேட்பதற்கு முன்பே, பேட்டரியில் காத்திருக்கும்போது அது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

## பேச்சு புரியுமா: முற்றத்தின் சிக்கல்

இதுவரை சொன்னவை விற்பனைத் தளங்களுக்குப் போதும். சுவர் நிறையத் துணி அடுக்கியிருக்கும் ஜவுளித் தளத்தில் எதிர்முழக்கம் மிகக் குறைவு. நாலாபுறமும் துணியே ஒலியை விழுங்கிவிடும். சிக்கல் முற்றத்தில் இருக்கிறது.

பேச்சுத் தெளிவை அளக்க எஸ்டிஐ என்ற எண்ணைப் பயன்படுத்துகிறோம். 1970-களில் நெதர்லாந்தில் ஹௌட்காஸ்ட், ஸ்டீனெகென் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த இந்த முறை இன்று ஐஇசி 60268 வரிசையின் 16-ஆம் பகுதியாக இருக்கிறது. பூச்சியத்திலிருந்து 1 வரை போகும் இந்த அளவில், எச்சரிக்கை அமைப்புகளுக்கு 0.5 என்பது பொதுவான குறைந்தபட்ச எல்லை. இதன் அடிப்படை எளிது. பேச்சு என்பது ஏறி இறங்கும் ஒலி. ஓர் அசை முடிந்து அடுத்த அசை தொடங்கும் இடைவெளியில் ஒலி தணிய வேண்டும். இரைச்சலும் எதிர்முழக்கமும் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன. பள்ளங்கள் எவ்வளவு மிஞ்சுகின்றன என்பதைத்தான் எஸ்டிஐ சொல்கிறது.

முற்றத்தின் கன அளவு 2,880 கன மீட்டர். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், கண்ணாடி மேற்கூரை எல்லாம் சேர்ந்து 1,296 சதுர மீட்டர் பரப்பு. சராசரியாக அது பத்தில் ஒரு பங்கு ஒலியைத்தான் உறிஞ்சும். சபைன் சூத்திரத்தில் போட்டால்:

```
T = 0.161 V / A = 0.161 × 2880 / 130 ≈ 3.6 s
T = எதிர்முழக்க நேரம், V = கன அளவு, A = உறிஞ்சும் பரப்பு
```

ஓர் ஒலி 60 டெசிபல் தணிய மூன்றரை வினாடிக்கு மேல் ஆகும் இடத்தில், முதல் சொல்லின் வால் ஐந்தாறு சொற்களின் மேல் படர்ந்திருக்கும். நேரொலி எட்டாமல் எதிர்முழக்கத்தில் மட்டும் கேட்பவருக்கு, இரைச்சலே இல்லாவிட்டாலும் எஸ்டிஐ சுமார் 0.33 தான். எதிர்முழக்க நேரம் 1.5 வினாடிக்கு இறங்கினால்தான் அது 0.50 ஐத் தொடும். இங்கே ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கூட்டினால் நேரொலியும் முழக்கமும் சேர்ந்தே உயரும். தெளிவில் எந்த மாற்றமும் இருக்காது. இரைச்சலைப் பவரால் வெல்லலாம், எதிர்முழக்கத்தைப் பவரால் வெல்ல முடியாது. நிறுவிய பின் வால்யூமைத் திருகிச் சரிசெய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், அவர் இந்த வேறுபாட்டை அறியாதவர்.

24 மீட்டர் உயர மேற்கூரையில் நான்கு பெரிய ஸ்பீக்கர்களைப் பதித்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. கேட்பவர் அவற்றிலிருந்து 22 மீட்டருக்கும் அப்பால் நிற்கிறார். நேரொலியும் முழக்கமும் சமமாகும் தூரத்தை மாறுநிலைத் தூரம் என்கிறோம். ஒலியை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதைக் காட்டும் திசைக்காரணி Q, சாதாரண ஸ்பீக்கருக்கு 2 என்று கொண்டால், இந்த முற்றத்தில் அது 2.3 மீட்டர்தான்:

```
Dc = 0.057 √(Q V / T)
```

தீர்வு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று, ஸ்பீக்கரைக் கேட்பவருக்கு அருகே கொண்டுவருவதும் அதன் ஒலியைக் குறுக்குவதும். பல சிறு ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கிய தூண் ஸ்பீக்கர், ஒலியை மேலும் கீழும் சிதறவிடாமல் ஒரு தட்டைப் படுகையாக முன்னால் அனுப்பும். திசைக்காரணி 10 உள்ள இரண்டு தூண்களை, 12 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக, தலைக்குச் சற்று மேலே பொருத்துகிறோம். நடுவில் நிற்பவருக்கும் தூரம் 6 மீட்டர்தான். இரண்டாவது, உறிஞ்சும் பரப்பைக் கூட்டுவது. முற்றத்தை முழுதாக 1.5 வினாடிக்கு இறக்க 250 சதுர மீட்டருக்கு மேல் ஒலியுறிஞ்சு பலகை வேண்டும். கட்டடக் கலைஞர் ஒப்புக்கொள்ள மாட்டார். 100 சதுர மீட்டர் என்றால், மேல் மாடிகளின் விளிம்பிலும் எஸ்கலேட்டரின் அடிப்பக்கத்திலும் கண்ணை உறுத்தாமல் ஒட்டிவிடலாம். அதனால் எதிர்முழக்க நேரம் 2.3 வினாடியாகிறது.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு தூண்களும் ஒலிக்கும்போது மாறுநிலைத் தூரம் 4.5 மீட்டர். 6 மீட்டரில் நிற்பவருக்கு நேரொலி முழக்கத்தைவிட 2.5 டெசிபல் குறைவாக வரும், எஸ்டிஐ 0.53 அளவில் இருக்கும். இரைச்சல் 10 டெசிபல் கீழே இருப்பதையும் சேர்த்தால் 0.49. எல்லைக் கோட்டில் நிற்கும் எண் இது. முழு முற்றத்துக்கும் ஒரே சராசரி உறிஞ்சலை வைத்த கைக்கணக்கு இது என்பதால், இத்தகைய இடத்தில் அதை நம்பி நிறுத்திக்கொள்ளாமல் ஒலியியல் மென்பொருளில் முப்பரிமாண மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அவசியம். தூண்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பவருக்கு நேரொலி தராத ஒவ்வொரு ஸ்பீக்கரும் முழக்கத்தைத்தான் கூட்டும்.

இன்னும் இரண்டு சிறு உதவிகள் செலவில்லாமல் கிடைக்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட்டால், நீண்டு முழங்கும் கனத்த ஒலி குறைந்து சொல் துலங்கும். 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்களும் திணறாது. பதிவுசெய்த அறிவிப்பில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் பின் ஒரு நிறுத்தம் விட்டு, நிதானமாகப் பேசவைக்க வேண்டும். கவன ஒலி ஒலித்ததும் அது தணியும்வரை காத்திருந்து பேச்சு தொடங்க வேண்டும்.

## கடை திறந்த பின் கெடுப்பவை

இத்தகைய கடைகளில் அதே ஸ்பீக்கரில்தான் பாட்டும், "இரண்டாவது மாடியில் குழந்தைகள் ஆடைகளுக்குச் சிறப்புத் தள்ளுபடி" என்ற அறிவிப்பும் வரும். நாள் முழுவதும் கேட்டுச் சலித்த ஊழியர், சுவரிலுள்ள வால்யூம் குமிழைப் பூச்சியத்துக்குத் திருகிவிடுவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் எச்சரிக்கை முழு அளவில் வரும்படி, அதைக் கடந்து செல்லும் 24 வோல்ட் ரிலே உள்ள வகையையே பொருத்தி, அதற்கான கூடுதல் கம்பிகளையும் இழுத்திருக்க வேண்டும். இரண்டு கம்பிகள் மட்டும் போயிருக்கும் குமிழைக் கண்டால் அங்கே இந்த வசதி இல்லை என்று பொருள். ஒப்படைக்கும் நாளில் எல்லாக் குமிழ்களையும் பூச்சியத்தில் வைத்து ஒருமுறை எச்சரிக்கையை ஓட்டிப் பாருங்கள்.

சுற்றின் நலத்தை அறிய மின்மறுப்பு அளவி ஒன்று கையில் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புத் தடையை மட்டுமே காட்டும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 100 வோல்ட் லைனில் 10,000 ஐ வாட்டால் வகுத்தால் மின்மறுப்பு வரும். நம் 168 வாட் சுற்றுக்கு 60 ஓம். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு அளக்கும்போது 45 ஓம் காட்டினால் சுமை 222 வாட்டாகிவிட்டது: யாரோ சில ஸ்பீக்கர்களைக் கூடுதல் வாட் முனையில் இணைத்திருக்கிறார்கள், அல்லது நமக்குத் தெரியாமல் ஸ்பீக்கர் சேர்த்திருக்கிறார்கள். 85 ஓம் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஸ்பீக்கர்கள் எங்கோ அறுந்து கிடக்கின்றன. அமைப்பின் தானியங்கிக் கண்காணிப்பு, ஒரு கேபிள் முழுதாக அறுந்தால் எச்சரிக்கும். நடுவில் கிளைபிரித்து இழுத்த இரண்டு ஸ்பீக்கர்கள் போனால் பல சமயம் அதற்குத் தெரியாது. அதனால் கிளை பிரிக்காமல், ஸ்பீக்கரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே தொடராகக் கம்பி போக வேண்டும்.

பேச்சுத் தெளிவை அளக்க ஸ்டைபா என்ற சோதனை ஒலியை ஓடவிட்டு, அதற்கான அளவியை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால், ஏறத்தாழ 15 வினாடிகளில் ஓர் எண் கிடைத்துவிடும். இதைக் கடை மூடிய பின் இரவில் செய்யுங்கள்; அளவியில் நெரிசல் நேர இரைச்சலைப் பின்னர் சேர்த்துத் திருத்தும் வசதி இருக்கிறது. அளக்கும்போது அருகில் யாராவது பேசினாலும் எண் தவறாகும். ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்து, மூன்றும் 0.03 க்குள் ஒத்துவந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை ஒலியை ஆம்ப்ளிஃபயரில் நேராகச் செலுத்தி அளப்பதோடு, கட்டுப்பாட்டறை மைக்குக்கு முன்னால் சிறு ஸ்பீக்கரை வைத்து அதன் வழியாகவும் ஒருமுறை அளக்க வேண்டும். முதலாவது 0.6 ஆகவும் இரண்டாவது 0.45 ஆகவும் வந்தால், கோளாறு மாடிகளில் இல்லை. ஏசி இரைச்சலுக்கு நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் மைக்கை வைத்திருக்கும் கட்டுப்பாட்டறையில் இருக்கிறது.